பொருளைக் கொண்டு சொல்லைத் தேடல்

சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையில் யாம் ஊருக்குச் செல்லும் வழியில், எமக்கு இக்கல்லூரியிற் றமிழ் கற்பித்து ஓய்வு பெற்றிருக்கும் ஆசிரியர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவர் பெயரை இங்கே கூறாது விடுகின்றோம். கூறினால் அவர் நாணுவார். அவரிடம் பாடங் கேட்ட மாணவர்க்குப் பெயர் வேண்டுவதுமில்லை. வகுப்பில் ஒரு மாணவன் "ஆட்டுக்கன்று" என்று சொல்லிவிட்டால், அன்றைய பாடம் அவ்வளவில் நின்று, ஆட்டின் இளமைப் பெயர் யாது என்னும் ஆராய்ச்சி மணியடிக்கும் வரை நடக்கும் என்ற அளவில் அவரை இன்னாரென்று பலரும் அறிந்துகொள்வர்.

அவர்க்கு ஓராண்டுக்கு முன் மூளையின் இடப்பாகத்திற் குருதியோட்டம் தடைப்பட்டு வலக்கை தளர்ந்தது. கை பெரும்பாலும் தேறிவிட்டது. ஆனால் சொல் தேறவில்லை. பேச்சே போயிற்று என்று கருதற்க. வாக்கியம் தடையின்றி வருகின்றது; வேற்றுமையுருபும் வினைமுற்றும் இலக்கணம் வழுவாது அமைகின்றன; பெயர்ச்சொல் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழுகின்றது. எமக்கு நாற்காலி காட்டவேண்டி, "அதை... அந்த, உட்காருவதை, இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். மூக்குக்கண்ணாடி, "பார்ப்பதற்குப் போட்டுக்கொள்வது" ஆயிற்று. பொருள் இன்னதென்பதை அவர் நன்கு அறிவார். அதன் பயனையும் வடிவையும் இடத்தையும் சொல்வார். பெயரை நாம் சொன்னால், "ஆம், அதுவே" என்று உடனே பற்றிக்கொள்வார். தவறாகச் சொன்னால் தலையசைத்து மறுப்பார். பெயரைத் தாமே எடுத்துச் சொல்லுதல் ஒன்றே அவர்க்கு அரிதாயிற்று.

யாம் சென்ற அன்று காலையில், வீட்டு முற்றத்து வேப்பமரத்திலிருந்து அணிலின் இளங்குஞ்சு ஒன்று கீழே விழுந்து கிடந்தது. கண் திறவாதது. ஆசிரியரின் பேர்த்தி, ஏழு வயதினள், அதனைத் தேங்காய் நாரில் வைத்துக் கொணர்ந்து, "தாத்தா, அணில்குஞ்சு பாருங்கள்" என்றாள். ஆசிரியர் அதனைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, பின்னர்ச் சுருங்கிற்று. "குஞ்சு அன்று" என்றார். "பின் என்ன தாத்தா?" என்றாள் குழந்தை. அவர் வாய் திறந்தார்; சொல் வரவில்லை. இடக்கையால் முழங்காலைத் தட்டினார், கண்ணை மூடினார், மீண்டும், "குஞ்சு அன்று. அதற்கு உண்டு. அதற்கென்று உண்டு" என்று மட்டும் கூறினார். பிறகு எம்மைத் திரும்பி நோக்கினார்.

வெட்கத்துடன் எழுதுகின்றோம்: எமக்கும் அச்சொல் வரவில்லை. அவரிடமே அதனைப் படித்திருக்கின்றோம், தேர்விலும் எழுதியிருக்கின்றோம். நோயால் அவர் இழந்ததை யாம் யாதொரு நோயுமின்றி இழந்து நின்றோம்.

எனினும் இருவரும் ஒரே வகையில் மறந்தோமல்லேம். எம் நினைவில் அச்சொல்லின் நிழல் போன்ற ஒன்று நின்றது. சிறிய சொல், இறுதியில் ழகர ஒற்று, நடுவே வல்லெழுத்து ஒன்று. அவ்வடையாளங்களைப் பற்றிக்கொண்டு தேடியபோது, "மகிழ்", "புகழ்", "திகழ்" என்று தொடர்பற்ற சொற்கள் முந்திக்கொண்டு வந்தன. பொருளைப் பற்றித் தேடியபோது, "குருளை" என்னும் சொல் வந்து வழிமறித்து நின்றது. அதனை வாய்விட்டுச் சொன்னோம். ஆசிரியர் இல்லையென்று கையசைத்தார். ஒரு பொய்ச்சொல் வாயில் வந்துவிட்டால் அஃது அகலும்வரை மெய்ச்சொல் வாராது என்பது அனைவர்க்கும் அனுபவமே.

இந்நிலையை மனநூலார் செவ்வையாக ஆராய்ந்திருக்கின்றனர். ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த ரோஜர் பிரவுன், டேவிட் மக்நீல் என்னும் இருவர் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையிற் பெயர் பெற்றது. அவர்கள் செய்தது யாதெனில், அரிய ஆங்கிலச் சொற்களின் பொருள் விளக்கத்தை மட்டும் மாணவர்க்குப் படித்துக்காட்டிச் சொல்லைக் கேட்டனர். சிலர் சொல்லை உடனே கூறினர். சிலர் அறியேம் என்றனர். இடையே சிலர், "தெரியும், இதோ வருகின்றது" என்று தவித்தனர். அத்தவிப்பில் இருந்தோரிடம், வாராத அச்சொல்லைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டபோது, நூற்றுக்கு 57 முறை அதன் முதலெழுத்தைச் சரியாகச் சொன்னார்களாம். சீனநாட்டு ஆற்றுப் படகைக் குறிக்கும் "சாம்பன்" என்ற சொல்லைத் தேடியவர்கள், ஒருபுறம் சையாம், சராங் என ஒலியொத்த சொற்களையும், மற்றொருபுறம் வேறு வகைப் படகுகளின் பெயர்களையும் கூறினர். ஆகவே மறதி என்பது சொல் முற்றும் அழிந்துபோதல் அன்று. பொருளினின்று ஒலிக்குச் செல்லும் வழியிற் பாதி நடந்து நின்றுவிடுதலாம். எம் ழகர ஒற்றும் இத்தகைய பாதிவழியே.

நிற்க. ஆசிரியர் வீட்டு அலமாரியில் நூலுக்குக் குறைவில்லை. முதலில் யாம் எடுத்தது சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை ஆறு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன். எடுத்த பின்னரே எம் பேதைமை எமக்கு விளங்கிற்று. அகராதி என்பது அகரத்தை ஆதியாக உடையது. முதலெழுத்தை அறிந்தவனுக்கே அது கதவு திறக்கும். ஈற்றெழுத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்களுள் எங்கே நுழைவது? பொருளைத் தெரிந்துகொள்ளச் சொல்லை எடுத்துச் செல்பவனுக்காகச் செய்த நூல் அது. சொல்லைத் தெரிந்துகொள்ளப் பொருளை எடுத்துச் செல்பவனுக்கு வேறு நூல் வேண்டும். அந்நூல் தமிழில் அகராதிக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது, அதுவே நிகண்டு.

நிகண்டுகளுள் முற்பட்டதாகக் கருதப்படும் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர், பல்பொருட்பெயர் என்று உலகத்துப் பொருள்களைப் பகுத்துக்கொண்டு, பின் செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்பவற்றிற்குத் தொகுதி வகுத்து, பதினொன்றாவதில் ஒரு சொல் பல பொருள் தருவதையும், பன்னிரண்டாவதில் ஐந்திணை, நாற்படை போலத் தொகையாய் வழங்குவனவற்றையும் சொல்லும். மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டும் இப்பன்னிரண்டு பகுப்பையே மேற்கொண்டது. இவற்றுள் முதற்பத்தும், பொருளை முன்வைத்துப் பெயரைத் தொகுப்பன. யானையின் கன்றுக்குப் பெயர் வேண்டுபவன் விலங்கின் தொகுதிக்குச் சென்று யானையை அடைந்தால், கயமுனி, களபம், போதகம், துடியடி என்பன ஓரிடத்தே அவனுக்காகக் காத்திருக்கும்.

இதனை நினைந்து யாமும் விலங்கின் பெயர்த்தொகுதியைத் திறந்து அணிலைத் தேடினோம். அணிலும் அகப்பட்டது, "வெளில்" என்னும் அதன் பழம்பெயரும் அகப்பட்டது. "வெளில்" என்று படித்தபோது ஆசிரியர் மகிழ்ச்சியுடன் அதனை இருமுறை சொல்லிப் பார்த்தார்; நெடுநாட் பிரிந்த நண்பனைத் தெருவிற் கண்டாற் போன்ற முகம். ஆனால் யாம் தேடியது அதுவன்று. நிகண்டு எமக்கு அணிலின் மற்றொரு பெயரைத் தந்ததே யன்றி, அணில் ஈன்றதன் பெயரைத் தந்திலது.

இங்கேதான் பொருள்வழித் தேடுவோர் பெரும்பாலும் தளர்ந்து நூலை மூடிவிடுகின்றனர். குற்றம் நூலினதன்று. நாம் தேடும் பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகம் உண்டு. "அணிலின் குஞ்சு" என்பதில் அணிலும் உண்டு, இளமையும் உண்டு. யாம் அணிலை முகமாகக் கொண்டோம். எம் சொல்லோ இளமையின்கீழ் இருந்தது. யானைக்குத் தனியே கன்றின் பெயர் கூறியமையால் அணிலுக்கும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணியது பிழை. எந்தப் பொருளை எந்தத் தலைப்பில் வைப்பது என்பது தொகுத்தவர் உலகத்தை எவ்வாறு பகுத்துக் கண்டார் என்பதைப் பொறுத்தது. தேடுபவன் தன் பகுப்பை விட்டு அவர் பகுப்புக்குட் புகவேண்டும். ஒரு தலைப்பிற் கிடையாதபோது, பொருளின் எந்தக் கூறு இன்னும் தேடப்படாமல் நிற்கின்றது என்று தன்னைத்தானே வினவிக்கொண்டு மறுமுறை நுழையவேண்டும்.

ஆங்கிலத்தில் இதற்கு ஓர் இணை உண்டு. பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் 1805-ஆம் ஆண்டிலேயே தம் சொந்த உபயோகத்திற்குச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுக்கத் தொடங்கி, 1852-ல், எழுபது வயது கடந்த பின்னர் அதனை நூலாக வெளியிட்டார். ஆறு பெரும்பிரிவு, ஆயிரம் தலைப்பு. அதில் நாய், ஆடு, குதிரை இவற்றின் குட்டிகளைக் குறிக்கும் சொற்கள் விலங்குகளோடு இருக்குமென்று எண்ணிச் செல்பவன் ஏமாறுவான். அவை காலத்தைப் பற்றிய பகுதியில், இளமை, முதுமை என்பவற்றின் பக்கத்தே, மனிதக் குழந்தையோடு ஒரே தொட்டிலிற் கிடக்கின்றன! ரோஜேக்கு அப்பகுப்பு இயல்பாய்த் தோன்றியது. வாங்கியவர்களுக்கு அவ்வாறு தோன்றாமையால் அவர்கள் நூலின் பின்னுள்ள அட்டவணை வழியாகவே நுழைந்தனர். அவர் மைந்தர் ஜான் லூயிஸ் ரோஜே 1879-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வட்டவணையை மிக விரித்தார். எம் முன்னோர்க்கு இவ்வட்டவணை வேண்டியிருந்ததில்லை. அவர்கள் நிகண்டைச் சிறுபிராயத்திலேயே நெட்டுருச் செய்தார்கள். மாணவனது நெஞ்சே அட்டவணை. மனப்பாடம் ஒழிந்து புத்தகம் மட்டும் எஞ்சிய எம்போலியர்க்கே அது பூட்டிய வீடாயிற்று.

பூட்டுக்குத் திறவுகோல் செய்தவர் வீரமாமுனிவர். 1732-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு அகராதிகளாக அமைந்தது. பெயரகராதி சொல்லைக் கொடுத்துப் பொருளைக் கூறும். இஃது எல்லாரும் அறிந்த வழி. பொருளகராதி அதனைத் தலைகீழாக்கிப் பொருளை அகரவரிசைப்படுத்தி அதற்குரிய பெயர்களைத் தரும். நிகண்டின் செல்வம், அகராதியின் வாயில். தொகையகராதி, தொகைச் சொற்களின் விரிவுக்கு. தொடையகராதியோ எதுகை பற்றி அமைந்தது. முதலெழுத்தை மறந்து இரண்டாமெழுத்தின் ஒலியை மட்டும் நினைவில் வைத்திருப்பவனுக்கு அது துணை. பாவலர்க்கென்று செய்ததாயினும், மறதிக்காரர்க்கும் பயன்படும் என்பது எம் கருத்து. இப்படிப் பொருளால் ஒரு வாயிலும் ஒலியால் ஒரு வாயிலும் ஒரே வீட்டுக்கு வைத்த அறிவை வியவாதிருக்க இயலவில்லை. பிரவுனும் மக்நீலும் இரு நூற்றாண்டு கழித்து மாணவரிடம் கேட்டறிந்த இரண்டு பாதிவழிகளும் இவையல்லவா?

ஆசிரியர் வீட்டுக் கதைக்குத் திரும்புவோம். இளமையே தலைப்பு என்பது தோன்றியவுடன், எந்நூலை எடுப்பது என்னும் ஐயம் எமக்கு இல்லாது போயிற்று. இளமை, ஆண்மை, பெண்மை என்ற மூன்றையும் தலைப்பாக்கி உயிர்களின் பெயர்களை வகுத்துச் சொல்வது தொல்காப்பியத்து மரபியல். பேராசிரியர் உரையோடு கூடிய பொருளதிகாரப் பிரதி ஒன்று கீழ்த்தட்டில் இருந்தது. ஓரங்களெங்கும் ஆசிரியரின் பழைய கையெழுத்து, எறும்பு ஊர்ந்தாற்போல. அவ்வியலின் தொடக்கத்திலேயே இளமைப்பெயர் ஒன்பதும் வரிசையாகக் கூறப்படும்.

யாம் உரக்கப் படித்தோம். "பார்ப்பு" என்றோம். ஆசிரியர் அசையாதிருந்தார். "பறழ்" என்றோம்.

அவர் கையை உயர்த்தினார். "பறழ்" என்றார். எவ்வளவு தெளிவாக! பேர்த்தியின் கையிலிருந்த நார்க்கூட்டைச் சுட்டி, "அணிற்பறழ்" என்றார். மீண்டும் ஒருமுறை கூறினார்; றகர வல்லெழுத்தையும் ழகரத்தையும் பழைய வகுப்பறையிற் கூறுவது போலவே நிறுத்திக் கூறினார். அவர் மனைவியார் சமையலறை வாயிலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எமக்கும் ஐயமில்லை. வாராதிருந்த சொல், வந்தவுடன் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கின்றது. பட்டியலில் நூறு சொல்லிடையே கிடந்தாலும் கண் அதன்மேற் சென்று நின்றுவிடும். தாமே எடுத்துரைக்கமாட்டாதவரும் கேட்டவுடன் அறிந்துகொள்வர் என்பதே பொருள்வழி நூல்கள் அனைத்துக்கும் ஆதாரமான உண்மை. அந்நூல் சொல்லைச் சொல்லித் தரவேண்டுவதில்லை. பலவற்றை எதிரே நிறுத்தினாற் போதும்.

ஆயினும் எம் ஆசிரியர் அவ்வளவில் எம்மை விட்டாரல்லர். "வாசி" என்று பக்கத்தைத் தட்டினார். யாம் எஞ்சியவற்றையும் படித்தோம்: குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. பின்னர் எவ்வெவ் உயிர்க்கு எவ்வெப் பெயர் என்று விதிக்கும் சூத்திரங்களுக்குச் சென்றோம். கீரியின் இனமாகிய மூங்கா, வெருகு, எலி, அணில் என்னும் நான்கிற்கும் குட்டி என்பது உரியது; பறழ் என்று சொல்லினும் தவறில்லை. எம்மை வழிமறித்த குருளையோ, நாய், பன்றி, புலி, முயல் என்பவற்றிற்கும் நரிக்கும் உரியது. அணிலுக்கு அது கூறப்படவில்லை. ஆகவே ஆசிரியர் கையசைத்து மறுத்தது மரபு பற்றியே என்பதும், சொல் போனபின்னும் விதி அவரிடம் இருந்தது என்பதும் எமக்கு அப்போது விளங்கின.

அவர் இவ்வாறு மேலும் வாசிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பொருள்வழி நூல் பெயர்களை ஒருங்கே அடுக்குமே யன்றி அவற்றிடையே உள்ள வேற்றுமையைக் கூறாது. நிகண்டைத் திறந்து, கிடைத்த சொல்லை அப்படியே எடுத்துச் செய்யுளிற் பதித்துக்கொள்ளும் மாணவர், புலியின் குட்டியைக் கன்றென்றும், பறவையின் குஞ்சை மறியென்றும் எழுதிவிடுவர். நாம் மறந்திருந்த சொல்லாயின் அதனைக் கண்டவுடன் நெஞ்சம் தெளியும். அத்தெளிவு இன்றி, "இதுவும் நன்றாயிருக்கின்றதே" என்று தோன்றினால், அது தேடிய சொல் அன்று, புதிதாய்க் கண்ட சொல். அதனை எடுத்துக்கொண்டு முன்வாயிலுக்குத் திரும்பி, அகராதியிற் பொருளும் ஆட்சியும் பார்த்த பின்னரே வழங்கவேண்டும். யாமும் பறழை எடுத்துக்கொண்டு, முதலிற் பயன்படாது மூடிய லெக்ஸிகனுக்குத் திரும்பினோம். இப்போது முதலெழுத்துக் கையில் இருந்தமையால் அது உடனே வழிவிட்டது.

அன்று மாலை, இக்காலத்து முறையால் இச்சொல் அகப்பட்டிருக்குமா என்று சோதித்துப் பார்க்க விரும்பினோம். சிகாகோ சர்வகலாசாலையார் தமிழ் லெக்ஸிகனைக் கணினி வலையில் ஏற்றியிருக்கின்றனர். அங்கே தலைச்சொல்லை மட்டுமன்றி, விளக்கவுரையின் உள்ளேயுள்ள சொற்களையும் தேடலாம், ஆங்கிலத்திலும் தேடலாம். ஆகவே முன்வாயில் மட்டுமே உடைய அகராதிக்குப் பின்வாயில் ஒன்று தானே திறந்துவிட்டது. எனினும் அப்பின்வாயிலில் ஒரு சூழ்ச்சி உண்டு. நாம் தேடுவது பொருள் என்று நினைக்கின்றோம்; கணினி தேடுவது விளக்கம் எழுதியவர் கையாண்ட எழுத்துகளை. அவர் "இளமைப்பெயர்" என்று எழுதியிருக்க, நாம் "குஞ்சு" என்று கேட்டால் ஒன்றும் அகப்படாது. "அணில்" என்று மட்டும் கேட்டாலோ, அணிலோடு தொடர்புடைய மரமும் செடியும் உவமையும் நியாயமும் வந்து குவியும். விளக்கம் எழுதியவர் நம் சொல்லில் எழுதியிருக்கமாட்டார் என்று வைத்துக்கொண்டு, அவர் எழுதியிருக்கக்கூடிய மூன்று நான்கு வகைகளை மாற்றி மாற்றிக் கேட்பதே இதற்குரிய முறை. ஒன்றும் வாராவிடின் சொல்லைக் குறைத்துக் கேட்டல் வேண்டும்; மிகுதியாய் வந்தால் கூட்டிக் கேட்டல் வேண்டும்.

ஆங்கிலச் சொற்களுக்கென்று ஒன்லுக் என்னும் தலைகீழ் அகராதி ஒன்று வலையில் இருக்கின்றது. அதில் பொருளை வாக்கியமாகவே எழுதிக் கேட்கலாம். பொருத்தமானவை முன்னும் அல்லாதவை பின்னுமாகப் பட்டியல் வரும். அதனினும் எமக்குப் பிடித்தது வேறொன்று. `bl*:snow` என்று எழுதினால், அவ்விரண்டு எழுத்துகளிற் றொடங்கிப் பனியோடு தொடர்புடைய சொற்களை மட்டும் அது தரும். உடுக்குறி மறந்த பகுதிக்கு நிற்கின்றது; முக்காற்புள்ளிக்குப் பின்னுள்ளது பொருள். பாதி ஒலியும் பாதிப் பொருளும் நினைவிலிருப்போர் இரண்டையும் ஒரே கேள்வியிற் பிணைத்துக் கேட்கும் வசதி அது. முனிவர் இரண்டு வாயிலாக வைத்ததை இவர்கள் ஒன்றாக்கினர். இதனை ஆசிரியரிடம் காட்டியபோது சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "நல்லது, ஆனால் நெட்டுருப் போட்டவனுக்கு வேண்டாம்" என்றார். அவ்வாக்கியத்தில் ஒரு சொல்லும் தட்டவில்லை.

பறழ் என்னும் சொல் அவரிடம் நிலைத்துவிட்டது என்று எழுத எமக்கு ஆசைதான். உண்மை அவ்வாறில்லை. மறுநாட் காலை விடைபெறச் சென்றபோது பேர்த்தி நார்க்கூட்டைக் காட்டி, "இது என்ன தாத்தா?" என்று சோதித்தாள். அவர் பழையபடி முழங்காலைத் தட்டினார். யாம் வாய் திறக்குமுன் அக்குழந்தையே உதட்டைக் குவித்து, "ப..." என்று மட்டும் சொன்னாள். "பறழ்" என்றார் அவர். முதலெழுத்தைக் கொடுத்தால் இத்தகைய நோயாளர்க்குப் பெயர் வருவதுண்டு என்று மருத்துவர் முன்னரே அவர் மனைவியாரிடம் சொல்லியிருந்தாராம். குழந்தைக்கு அதனை யாரும் கற்பித்ததாகத் தெரியவில்லை. முதல் நாள் முழுப்பட்டியல் வேண்டியிருந்தது. மறுநாள் ஓரெழுத்துப் போதுமாயிருந்தது. இதனை முன்னேற்றம் என்று கொள்ளலாமா என்று யாம் வினவியதற்கு, அம்மையார், "நேற்று என் பெயருக்கும் ஓரெழுத்து வேண்டியிருந்தது" என்று சிரித்துக்கொண்டே கூறினார். யாமும் சிரித்தோம், பின்னர் வழியில் அதனை நினைந்துகொண்டே சென்றோம்.

இப்போது அவ்வீட்டில் மாலைதோறும் ஒரு பழக்கம் நடந்துவருகின்றது. பேர்த்தி ஒரு பொருளைச் சுட்டுவாள், அல்லது அதன் இயல்பைச் சொல்வாள். ஆசிரியர் பெயரைத் தேடுவார். வாராவிடின் அவர் மனைவியார் நிகண்டில் அத்தொகுதியைத் திறந்து மெல்லப் படிப்பார். உரிய சொல் வரும்போது அவர் கையை உயர்த்துவார். மரப்பெயர்த் தொகுதி பாதி முடிந்திருக்கின்றது.

தை மாதத்தில் எமக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. பென்சிலாற் பெரிய பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. பஞ்சில் நனைத்துப் பால் கொடுத்ததாகவும், கண் திறந்துவிட்டதாகவும், இனி அது பறழ் அன்று, அணில் என்று தாத்தா சொல்லிவிட்டதாகவும், வேப்பமரத்திற்கு ஏறிப்போய்விட்டதாகவும் அதிற் கண்டிருந்தது. "பறழ்" என்பதில் றகரத்தை முதலில் இடையின ரகரமாக எழுதி, பின் அதனை அடித்து, மேலே வேறு மையால் ஒருவர் திருத்தியிருந்தார். எழுத்துச் சற்றே நடுங்கியிருந்தது. அது இடக்கை எழுத்து.